புட்டியில் ஆங்கிலம், துண்டுச்சீட்டில் தமிழ்: பதில் எந்த மொழியில் போகணும்?

தறிமேடு
எங்கள் ஊர் உரக்கடைக்கு ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விவசாயிகள் வாட்ஸப்பில் மருந்துப் புட்டியைப் படம் எடுத்து அனுப்புவார்கள், நிரல் லேபிளைப் படித்து, கடைக்காரர் முன்பே எழுதி வைத்த குறிப்பைத் திருப்பி அனுப்பும். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருள் எடுத்துத் தரும் எழுத்தில் தமிழ் அதிகமா ஆங்கிலம் அதிகமா என்று எண்ணி, எது கூடுதலோ அந்த மொழியில் பதில். நேற்று ஒரு பெரியவர் IMIDACLOPRID 17.8% SL புட்டிக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டை வைத்து, அதில் பேனாவால் "இது எத்தனை மில்லி" என்று எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பதில் முழுக்க ஆங்கிலத்தில் போய்விட்டது. கடைக்காரரிடம் நல்ல திட்டு. எண்ணும் முறையை எப்படித் திருத்துவது?

```python
t = sum('\u0B80' <= c <= '\u0BFF' for c in s)
e = sum(c.isascii() and c.isalpha() for c in s)
mozhi = 'ta' if t > e else 'en'
```

கணக்குப்பிள்ளை
எண்ணுவது சரியான வழிதான் தம்பி, விகிதம்தான் தப்பு. ஆங்கிலம் எழுத்தெழுத்தாக நீட்டி எழுதுகிற மொழி, தமிழில் உயிர்மெய் ஒன்றிலேயே இரண்டு ஒலி அடங்கிவிடும், அதனால் உன் கணக்கில் தமிழுக்கு எண்ணிக்கை குறைந்துதான் விழும். தமிழ் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கிப் பார்.

ஏட்டுச்சுவடி
அண்ணே, நேர்மாறு. கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவது யூனிகோடில் பெரும்பாலும் இரண்டு குறியீடு. "இது எத்தனை மில்லி" என்பதில் நமக்கு ஒன்பது எழுத்து. கொம்பு, புள்ளி, துணைக்குறி எல்லாம் தனித்தனியாகச் சேர்ந்து அவருடைய நிரலுக்கு அது பதினைந்து. தமிழுக்கு ஏற்கெனவே சலுகை கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. லேபிளின் ஆங்கிலம் எத்தனை எழுத்து வந்தது தறிமேடு?

தறிமேடு
412. தமிழ் பூஜ்யம். ஆமாம், பூஜ்யம், இப்போதுதான் கவனிக்கிறேன். பதினைந்துகூட வரவில்லை.

ஏட்டுச்சுவடி
நான் எதிர்பார்த்தது அதைத்தான். டெசராக்ட் அச்செழுத்துக்குப் பழக்கியது, பேனா எழுத்தில் தடுமாறும். தடுமாறும்போது சும்மா விட்டுவிட்டாலாவது பரவாயில்லை, வளைவைப் பார்த்து ஏதாவது ஆங்கில எழுத்தையும் எண்ணையும் போட்டுக் குப்பையாகக் கொடுக்கும். நூலகத்தில் பழைய பத்திரிகைகளை எண்மமாக்கும்போது, ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதிய தமிழ்க் குறிப்பெல்லாம் இப்படி ஆங்கிலமாக மாறி நிற்பதைத் தினமும் பார்த்தவள் நான். இதை ஓட்டிவிட்டு, வருவதில் கடைசி இரண்டு நெடுவரிசையைப் போடுங்கள்:

```
tesseract padam.jpg out -l tam+eng tsv
```

தறிமேடு
துண்டுச்சீட்டு இருக்கும் இடத்தில் வந்தது இது, மேலே இரண்டு வரி லேபிள்:

```
conf  text
96    IMIDACLOPRID
95    17.8%
23    @gi
14    6T55560T
11    LSlevel
```

ஏட்டுச்சுவடி
பார்த்தீர்களா, பெரியவர் எழுதிய தமிழே ஆங்கிலத்துக்கு ஓட்டுப் போட்டிருக்கிறது. conf நெடுவரிசையில், அதாவது டெசராக்ட் எவ்வளவு உறுதியாகப் படித்தது என்பதில், லேபிள் தொண்ணூறுக்கு மேலே, சீட்டு இருபத்தைந்துக்குக் கீழே. அப்படிப்பட்ட சொற்களை எந்த மொழிக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது. ஆனால் அதைத் திருத்தினாலும் உங்கள் பதில் ஆங்கிலத்தில்தான் போகும், ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை. லேபிளில் இருப்பது பெரியவரின் பேச்சு இல்லை, மருந்துக் கம்பெனியின் பேச்சு. அவர் அதைக் காட்டுகிறார், அவ்வளவுதான். ஒருவர் ஆங்கில நோட்டீஸ் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு "இதில் என்னய்யா போட்டிருக்கு" என்று கேட்டால் அவருக்கு ஆங்கிலத்திலா பதில் சொல்வோம்?

பலகைக்காரர்
நான் முப்பது வருசமாக விளம்பரப் பலகை எழுதுகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எழுத்தின் அளவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகை தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, மற்ற மொழிக்கு 2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பெரிதாக இருப்பதுதான் முதன்மை மொழி. உங்கள் படத்தில் எது பெரிதோ அந்த மொழியில் பலகை எழுதிக் கொடுத்துவிடலாம், ஆங்கிலத்துக்குக் கீழே தமிழ் வைக்காதீர்கள், கடைக்காரருக்கு அபராதம் வரும்.

தறிமேடு
ஐயா, நான் பலகை எழுதவில்லை, பதில் செய்தி அனுப்புகிறேன்.

ஏட்டுச்சுவடி
ஐயா சொன்னது வேறு விஷயமானாலும் எனக்குப் பயன்படுகிறது. பெரிய எழுத்து தமிழில் இருப்பதற்குக் காரணம் ஒரு விதி, படம் எடுத்தவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இலங்கைப் பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்புகிறவர் மூன்றில் எந்த மொழிக்காரர் என்று பலகை சொல்லுமா? நம் ரூபாய் நோட்டின் பின்பக்கத்துப் பட்டியில் மட்டும் பதினைந்து மொழி. கணக்கு அண்ணன் அதில் எதைப் பெருக்குவார்?

கணக்குப்பிள்ளை
கிண்டல் இருக்கட்டும். எண்ணக் கூடாது என்றால் சீட்டில் எழுதியதை மட்டும் எடு என்கிறாயா? கையெழுத்துதான் அனுப்பியவரின் குரல் என்று விதி வைத்தால் அதுவும் உடையும். எங்கள் கடையில் (நானும் பூச்சிமருந்து விற்கிறவன்தான்) மார்க்கர் பேனாவால் புட்டி மேலேயே "டேங்குக்கு ஒரு மூடி" என்று எழுதித்தான் கொடுப்போம். தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன் அந்தப் புட்டியைப் படம் எடுத்து அனுப்புகிறான் என்று வை. கையெழுத்து தமிழ், அச்சு ஆங்கிலம், பையனுக்கு இரண்டும் தெரியாது.

ஏட்டுச்சுவடி
அது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் படத்தைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். முதலில் படத்தோடு சேர்த்துத் தட்டச்சு செய்த வரி இருந்தால் அது. இல்லாவிட்டால் அதே எண்ணிலிருந்து முன்பு வந்த செய்திகள். அதுவும் இல்லாதபோதுதான் படத்துக்குள் தேட வேண்டும், அப்போதும் கேள்வி மாதிரி இருக்கிற வரியைத்தான் தேடணும், மொத்தத்தையும் எண்ணக் கூடாது. "டேங்குக்கு ஒரு மூடி" கேள்வி இல்லை, "இது எத்தனை மில்லி" கேள்வி. தறிமேடு, அந்தப் பெரியவர் இதற்கு முன்னால் ஏதாவது அனுப்பியிருக்கிறாரா?

தறிமேடு
மூன்று நாள் முன்பு "யூரியா வந்துருச்சா" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறார். என் நிரல் ஒவ்வொரு படத்தையும் புதிதாகப் பார்க்கிறது, பழையதை எடுத்துப் பார்ப்பதே இல்லை. சே.

இரண்டுபக்கம்
எதற்கு இத்தனை தலைவலி? இரண்டு மொழியிலும் அனுப்பிவிடுங்கள். மேலே தமிழ், கீழே ஆங்கிலம். அல்லது முதல் தடவை வரும்போதே "தமிழுக்கு 1, ஆங்கிலத்துக்கு 2" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது.

கணக்குப்பிள்ளை
வயலில் நின்றுகொண்டு, ஈரக் கையோடு, வெயிலில் திரையே தெரியாமல் பார்க்கிறவனுக்கு இரண்டு மடங்கு நீளத்தில் செய்தியா? அளவு கீழே தள்ளிப்போய் "மேலும் படிக்க" என்பதற்குள் ஒளிந்துகொள்ளும். இதில் ஒன்றைத் திருத்தி மற்றொன்றைத் திருத்த மறந்தால் தமிழில் ஓர் அளவு, ஆங்கிலத்தில் ஓர் அளவு. மருந்து விஷயத்தில் அது விளையாட்டில்லை.

ஏட்டுச்சுவடி
1, 2 என்று கேட்பது தப்பில்லை, ஆனால் முதல் செய்தியை அப்பாவின் கைப்பேசியிலிருந்து மகன் தட்டியிருப்பான், அப்புறம் அப்பா பயன்படுத்துவார். எதுவும் தெரியாத புது எண்ணுக்கு மட்டும் ஒரே வரியில் கேட்கலாம். இன்னொன்று, தமிழில் பதில் எழுதும்போது மருந்தின் பெயரைத் தமிழாக்காதீர்கள், தமிழ் எழுத்திலும் மாற்றாதீர்கள். புட்டியில் இருக்கிற மாதிரி IMIDACLOPRID 17.8% SL என்றே இருக்கட்டும். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கூட வடிவத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். அதே பெயரில் வேறு சதவீத மருந்து பக்கத்திலேயே அடுக்கி இருக்கும் அல்லவா?

தறிமேடு
சரி, படத்தோடு வரும் வரிக்குத்தான் முதலிடம் என்று மாற்றிவிட்டேன். இப்போது புதுச் சிக்கல். ஒருவர் வெறுமனே "rate?" என்று அனுப்பினார். அவருக்கு ஆங்கிலத்தில் போய்விட்டது. இன்னொருவர் "idhu ethana ml" என்று கேட்டார், அவருக்கும் ஆங்கிலம்.

ஏட்டுச்சுவடி
"rate", "ok", "ml" எல்லாம் எங்கள் தெருக் கீரைக்காரம்மாவும் சொல்கிற வார்த்தை. ஒன்றிரண்டு சொல்லை வைத்து மொழியை மாற்றக் கூடாது, முன்பு எந்த மொழியில் பேசினாரோ அதிலேயே தொடரட்டும். இரண்டாவது ஆள் கேட்டது தமிழ், உடை மட்டும் ஆங்கிலம். "idhu", "enna", "ethana", "evlo", "irukka" மாதிரி ஒரு நூறு சொல்லைப் பட்டியல் போட்டு, அதில் ஒன்று இருந்தாலும் தமிழ் என்று வையுங்கள். "evvalavu", "evlo", "evalo" என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், எல்லாம் பட்டியலில் வேண்டும். பதில் தமிழ் எழுத்தில் போகட்டும்.

ஸ்கார்பரோ சித்தி
அங்கேதான் எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. என் அக்கா மகள் இங்கே கனடாவில் பிறந்தவள், வீட்டில் நல்லாத் தமிழ் கதைப்பாள், ஆனால் ஒரு தமிழ் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. போன வருடம் கோயில் அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்து "idhula enna pottirukku" என்று எனக்கு அனுப்பினாள். நான் தமிழில் விளக்கமாக எழுதிப் போட்டேன், "சித்தி, இதையும் வாசித்துச் சொல்லுங்கோ" என்று பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் கேட்கிறவருக்கு ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிக் கொடுங்கோ.

கணக்குப்பிள்ளை
கனடாவுக்கு அது சரி அம்மா. இங்கே அப்படி எழுதுகிறவர்களில் நிறையப் பேருக்குத் தமிழ் விசைப்பலகை சோம்பல், அவ்வளவுதான், தினத்தாளைக் கடைசிப் பக்கம் வரை படிப்பார்கள். அவர்களுக்கு "10 litre thanniku" என்று எழுதி அனுப்பினால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி இருக்கும்.

ஸ்கார்பரோ சித்தி
அவர்கள் எழுதுவதே அப்படித்தானே, எழுதத் தெரிந்ததை வாசிக்க ஏன் சிரமம்?

ஏட்டுச்சுவடி
எழுதுவதும் படிப்பதும் ஒன்றில்லை. நானே அப்படித் தட்டுகிறேன், ஆனால் மற்றவர் எழுதியதை இரண்டு தடவை படித்தால்தான் புரிகிறது. உரக்கடைக்குத் தமிழ் எழுத்துத்தான் என் ஓட்டு. உங்கள் அக்கா மகள் இந்தக் கடையில் மருந்து வாங்கப் போவதில்லையே.

தறிமேடு
இரவு உட்கார்ந்து பழைய படங்கள் நாற்பதை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். படத்தோடு வந்த வரி, பழைய செய்தி, அப்புறம்தான் படம் என்ற வரிசையில் முப்பத்தேழு சரியாக வந்தது. பெரியவருக்கும் இப்போது தமிழ்தான். தப்பான மூன்றில் இரண்டு, கணக்கு அண்ணன் சொன்ன மாதிரி மார்க்கர் எழுத்துள்ள புட்டி, புது எண், கூட ஒரு வரிகூட இல்லை. அவற்றுக்கு மட்டும் 1, 2 கேட்கப் போகிறேன். மூன்றாவது, யாரோ எதையோ அனுப்பப்போய் வந்துவிட்ட கல்யாணப் பத்திரிகை.

பலகைக்காரர்
பத்திரிகை எந்த மொழியில் இருந்தது?