மேலாளரின் மென்மை போகாமல் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கோவையில் மென்பொருள் வேலை. எங்கள் மேலாளர் தமிழில் அனுப்பும் கருத்துகளை, ஜெர்மனியில் இருக்கும் சக ஊழியருக்கு நான்தான் ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புகிறேன். போன மாதம் வந்தது இது:

"ரிப்போர்ட் நல்லா வந்திருக்கு. மூணாவது பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை பார்த்துட்டா நல்லா இருக்கும்னு தோணுது."

நமக்குப் புரியும், அந்தப் பக்கத்தைத் திருத்தாமல் வாடிக்கையாளருக்கு அனுப்பக் கூடாது. நான் வரிக்கு வரி மாற்றினேன். விருப்பமிருந்தால் செய்யலாம் என்று எடுத்துக்கொண்டு, அந்தச் சக ஊழியர் அப்படியே அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை "வெள்ளிக்குள் திருத்தவும்" என்று நேராக எழுதினேன். வேலை முடிந்தது, ஆனால் "அவருக்கு என்மேல் கோபமா?" என்று கேட்டார். முன்னால் ப்ளீஸ் சேர்த்தும் அதட்டல் போலவே இருந்தது. 'பார்த்துட்டா' என்பதில் யார் பார்க்க வேண்டும் என்பதே இல்லை. மென்மை அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'யூ' வந்து நிற்கிறது. சரி என்று 'வி' போட்டேன், மேலாளரும் சேர்ந்து செய்வார் என்று காத்திருந்தார்.

செய்தே ஆக வேண்டும் என்பது தெரிய வேண்டும், குறை சொன்னதுபோல் இருக்கக் கூடாது. இந்த வரியை நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?