விடுப்பு இருப்பு அறிக்கையில் இரண்டு பேருக்கு மட்டும் கணக்கு உதைக்கிறது, உதவுங்கள்

திருப்பூர்_ஹெச்ஆர்: மாதம் 1ஆம் தேதி துறைத் தலைவர்களுக்கு ஈ.எல். இருப்பு அறிக்கை அனுப்புகிறேன். பணியாளர் பட்டியலில் ஆரம்ப இருப்பு, Leave தாளில் எடுத்த நாட்கள், இரண்டும் எக்செல்தான். இந்த முறை ஸ்டோர்ஸ் தலைவர் பென்சிலில் குறித்த விடுப்பு அட்டையோடு நேராக வந்துவிட்டார். 00412 எண்காரருக்கு ஆரம்பம் 18, எடுத்தது 5, மீதி 13 வர வேண்டும், அறிக்கையில் 9. சாயப் பிரிவில் 412 எண்காரருக்கு 14இல் 4 போக 10 வர வேண்டும், 5 காட்டுகிறது. சூத்திரம் இதுதான்:

```
=B2-SUMIFS(Leave!D:D,Leave!A:A,A2)
```

மணி_கணக்கு: எண் பத்தியை டெக்ஸ்ட்டாக மாற்றுங்கள், சரியாகிவிடும்.

திருப்பூர்_ஹெச்ஆர்: ஏற்கெனவே டெக்ஸ்ட்தான் அண்ணா, பூஜ்யம் அப்படியே இருக்கிறது.

கோவை_பேரோல்: எங்களுக்கும் இப்படி வந்தது. ஜனவரி 29 முதல் பிப்ரவரி 3 வரை ஒருவர் லீவு, ஆறு நாளும் ஜனவரியிலேயே கழிந்துவிட்டது. மாதக் கடைசியில் நாட்களைப் பிரித்துப் போடுங்கள்.

சேலம்_எம்ஐஎஸ்: அது வேறு சிக்கல். இங்கே இருவருக்குமே 9 நாள் கழிந்திருக்கிறது பாருங்கள், 5ம் 4ம் சேர்ந்தது. எண்போலத் தெரியும் டெக்ஸ்ட்டை SUMIFS எண்ணாகவே எடுத்து ஒப்பிடும், அதனால் அதற்கு 00412ம் 412ம் ஒன்றுதான், டெக்ஸ்ட்டாக வைத்தாலும் மாறாது. நேரடி = ஒப்பீடு அப்படிச் செய்யாது:

```
=B2-SUMPRODUCT(--(Leave!$A$2:$A$5000=A2),Leave!$D$2:$D$5000)
```

ஆனால் மணி சொன்னது இப்போதுதான் தேவைப்படும். ஒரு தாளில் 412 எண்ணாகவும் இன்னொன்றில் டெக்ஸ்ட்டாகவும் இருந்தால் எதுவும் பொருந்தாது, எடுத்த லீவு கழியாமல் ஆரம்ப இருப்பே மீதியாக நிற்கும். பத்தியின் ஃபார்மேட்டை மட்டும் மாற்றினால் பழைய எண்கள் எண்ணாகவே இருக்கும், Text to Columns போய் கடைசிப் படியில் Text தேர்ந்தெடுங்கள். வேறு யாருக்கு இப்படி ஆகியிருக்கிறது என்று பார்க்க, பணியாளர் பட்டியலில் =COUNTIF(A:A,A2) போடுங்கள். அதுவும் இதே மாதிரி குழப்பிக்கொள்ளும் என்பதால், 2 என்று வந்தவர்கள் எல்லாம் மாட்டியவர்கள்.

திருப்பூர்_ஹெச்ஆர்: ரொம்ப நன்றி, 13ம் 10ம் வந்துவிட்டது. COUNTIF போட்டதில் இன்னும் மூன்று ஜோடி! பக்கத்து யூனிட்டை எங்களோடு சேர்த்தபோது அவர்கள் எண்ணைப் பூஜ்யம் இல்லாமல் அப்படியே ஏற்றிவிட்டோம்.

சேலம்_எம்ஐஎஸ்: அப்படியானால் அந்த யூனிட் எண்களுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுங்கள், U412 என்பதுபோல, இரண்டு தாளிலும். அப்புறம் அனுப்புவதற்கு முன் அறிக்கையில் கழிந்த மொத்த நாளையும் Leave தாளின் மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். இந்த ஜோடி மட்டுமே 9 நாள் அதிகம் காட்டியிருக்கும்.

திருப்பூர்_ஹெச்ஆர்: சரி, செய்கிறேன். போன மாதங்களில் தவறாகப் போன அறிக்கையைப் பார்த்து யாருக்காவது லீவு மறுத்திருந்தால் என்ன செய்வது? அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மணி_கணக்கு: அந்த எட்டு பேரின் விண்ணப்பங்களை எடுத்துப் பாருங்கள். வாய்மொழியாக மறுத்தது எதிலும் இருக்காது, அவர்களையே கேட்க வேண்டும்.