புதுப்பிப்பு: அம்மம்மாவின் கைநாட்டு மரணசாசனம்

“எழுதத் தெரியாத அம்மம்மா கைநாட்டு வைச்ச மரணசாசனம் கிளிநொச்சிக் கோட்டில நிக்குமா?”

நிற்கும். ஐந்து சாட்சி கட்டாயம் என்று ஒருவர் எழுதியது பாதி சரி. நொத்தாரிசு இல்லாவிட்டால்தான் ஐந்து; இருந்தால் இரண்டு போதும், எல்லோரும் ஒரே நேரத்தில் கூட நிற்க வேண்டும்.

சிக்கல் கைநாட்டில் அல்ல, உள்ளடக்கம் அம்மம்மாவுக்குத் தெரிந்ததா என்பதில். வாசித்து விளக்கியதை நொத்தாரிசு அத்தாட்சியிலேயே எழுத வேண்டும். வயலைப் பெறும் மகனே எல்லாம் ஒழுங்குசெய்திருந்தால் கோடு சந்தேகப்படும். அதை நீக்குவது மகனின் பொறுப்பு. ஆகவே மகனை வெளியே இருத்தி, “வயல் ஆருக்கு, அம்மா?” என்று கேட்டு அம்மம்மாவின் வாயாலேயே சொல்லவிடுங்கள். மை கூடினால் ரேகை அப்பிவிடும். மெல்லப் பூசி ஒருமுறை அழுத்தி, யாருடைய எந்த விரல் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

பின்னர் கோட்டில் நிரூபிக்கும்போது இரு சாட்சிகளும் வெளிநாட்டில் என்றால் நொத்தாரிசின் சாட்சியம் போதுமா? அவர் அம்மம்மாவை முன்பே அறிந்தவரா என்பதைப் பொறுத்தது. அது இன்னும் தெளிவாகவில்லை.

முத்தையன்கட்டில் உள்ள அரச அனுமதிப்பத்திரக் காணியைக் கேட்டவருக்கு: அதற்கு மரணசாசனத்தை மட்டும் நம்பாமல், பின்னுரித்தாளரைப் பதியுங்கள்.