கார்டில் வருது, பேப்பரில் வரலை: அனாடமி பரீட்சை அனுபவங்கள்

தேனிப்பொண்ணு
பி.எஸ்சி நர்சிங் முதல் செமஸ்டர். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம்தான். அனாடமி பேர்கள் மனசுல நிக்கணும்னு போன்ல ஆன்கிங்கிற கேள்வி-பதில் கார்டு ஆப் வெச்சிருக்கேன். ரூம்ல உட்கார்ந்து பார்த்தா முக்கால்வாசி கார்டு சரியா வருது. மாடல் எக்ஸாம்ல குளூட்டியல் ரீஜன், அதாவது பிட்டப் பகுதி படம் வரைஞ்சு, ஊசி போடுற இடத்தையும் விளக்கச் சொன்னாங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சு, விரல் மரத்துப்போய், "சயாட்டிக்"ங்கிற ஒரே வார்த்தைதான் நின்னுச்சு. இப்போ ஆன்கில நிலுவை 600-ஐத் தாண்டிடுச்சு, திறக்கவே பயமா இருக்கு. பரீட்சைக்கு இன்னும் 12 நாள். இதே மாதிரி ஆனவங்க எப்படி வெளியே வந்தீங்கன்னு சொல்லுங்க.

ரியாத் ஸ்டாஃப்
தங்கச்சி, எனக்கும் இதே படபடப்புதான். கேள்வி கஷ்டமாகிட்டே போகுதேன்னு பயப்படாதே, நீ சரியா எழுதுறதாலதான் அது கஷ்டமாகுது. 85-வது கேள்வியில நிக்கலைன்னா ஃபெயில்னு நினைச்சு நிறைய பேர் உடைஞ்சு போறாங்க. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் குறைஞ்சது 85, அதிகபட்சம் 150 கேள்வி. 150 வரைக்கும் போய் பாஸ் பண்ணவங்க எங்க வார்டுலயே இருக்காங்க.

தேனிப்பொண்ணு
அக்கா, நீங்க சொல்றது என்கிளெக்ஸ், அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை. எனக்கு காலேஜ் தியரி பேப்பர், கையால எழுதணும்.

ரியாத் ஸ்டாஃப்
அய்யோ, நான் இப்போ அதுக்குப் படிச்சிட்டு இருக்கேன், அதே ஞாபகத்துல எழுதிட்டேன். நல்லா எழுதும்மா.

வார்டு அக்கா
பதினைந்து வருஷத்துக்கு மேல வார்டு, இப்போ கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர். ஒண்ணு கேட்கிறேன் தேனிப்பொண்ணு: சயாட்டிக் பத்தி உன் கார்டுல என்ன எழுதியிருக்கு? அப்படியே எடுத்துப் போடு.

தேனிப்பொண்ணு
முன்பக்கம்: "சயாட்டிக் நரம்பு எந்த வழியா வெளியே வருது?" பின்பக்கம்: "கிரேட்டர் சயாட்டிக் ஃபோராமென் வழியா, பிரிஃபார்மிஸ் தசைக்குக் கீழே."

வார்டு அக்கா
பார்த்தியா, நரம்போட பேரைக் கார்டே உனக்குக் கொடுத்துடுது. கேள்வித்தாள் கொடுக்காது. "குளூட்டியல் ரீஜன்"னு மட்டும் போட்டுட்டு வெள்ளைத் தாளை நீட்டும். நீ பயிற்சி எடுத்தது பேரைப் பார்த்து வழி சொல்றதுக்கு. பரீட்சை கேட்டது இடத்தைப் பார்த்து பேர் சொல்றதுக்கு. உன்னோட பயத்துல ஒரு பங்கு இந்த இடைவெளியில இருந்து வருது. அதைக் கார்டுலயே சரி செய்யலாம்.

குளூட்டியல் ரீஜனுக்கு அச்சாணி பிரிஃபார்மிஸ்தான். முதல்ல அதை வரை: சேக்ரத்துல இருந்து கிரேட்டர் ட்ரொகான்டருக்குக் குறுக்கே ஒரு பட்டை. அதுக்கு மேல சுப்பீரியர் குளூட்டியல் நரம்பும் அதோட ரத்தக்குழாய்களும். கீழே சயாட்டிக், இன்ஃபீரியர் குளூட்டியல். இதை ரெண்டு கார்டா உடை. "பிரிஃபார்மிஸுக்கு மேலே வர்றது என்ன?" ஒண்ணு, "கீழே வர்றது என்ன?" இன்னொண்ணு. மூணாவது ஒரு கார்டுல "குளூட்டியல் ரீஜன், வெள்ளைத் தாளில்" அவ்வளவுதான். அது வர்ற அன்னைக்கு பேனா எடுத்து வரைஞ்சே ஆகணும். பிரிஃபார்மிஸ் விட்டுப்போச்சுன்னா மத்தது எவ்வளவு அழகா இருந்தாலும் `Again` அமுக்கு.

ஊசி போடுற இடம் இதுக்கு மேல தானா வந்து உட்காரும். சயாட்டிக் கீழே, உள்பக்கமாப் போகுது. அதனாலதான் பிட்டத்துல மேல்-வெளிக் கால்பகுதின்னு சொல்றோம். வென்ட்ரோகுளூட்டியல் இன்னும் பத்திரம்: நோயாளியோட இடது இடுப்புன்னா உன் வலது கை. உள்ளங்கை அடிப்பகுதி ட்ரொகான்டர் மேல, ஆள்காட்டி விரல் முன்பக்க இலியாக் ஸ்பைன் மேல, நடுவிரலை இலியாக் கிரெஸ்ட் பக்கம் விரி. ரெண்டு விரலுக்கும் நடுவுல குளூட்டியஸ் மீடியஸ். ராத்திரி ரூம்மேட் மேல கை வெச்சுப் பாரு. கை அந்த இடத்தைக் கண்டுபிடிச்சா வார்த்தை பின்னாலேயே வரும்.

மதுரை பிரதர்
அக்கா சொன்னது சரிதான், ஆனா பயம் போனாத்தான் எதுவும் வேலை செய்யும். ஹால்ல உட்கார்ந்ததும் நெஞ்சு நிறைய இழுத்து, வேகமா இருபது மூச்சு விடுங்க. ஆக்சிஜன் மூளைக்குப் போகும், எல்லாம் ஞாபகம் வரும். நான் எல்லாப் பேப்பருக்கும் இதான் பண்ணேன்.

வார்டு அக்கா
தம்பி, மூச்சைக் கவனிக்கணும்கிறது சரி. வேகமா ஆழமா விடுறதுதான் எதிர்ப்பலன் தரும். கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக்குப் போற ரத்தக்குழாய்கள் சுருங்கும், தலை லேசாகும், விரல் மரக்கும். தேனிப்பொண்ணுக்கு விரல் மரத்ததும் இதனாலயா இருக்கலாம், பயத்துல தெரியாமலே வேகமா மூச்சு விட்டிருப்பா. நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவா விடு. ஒரு சில நிமிஷம் போதும். பரீட்சை இல்லாத நாள்லயும் படபடப்பு வருதுன்னா ஓ.பி.ல ஒரு தடவை காட்டிக்கோ. ரத்தசோகை, தைராய்டு ரெண்டுமே இப்படிப் படபடக்க வைக்கும்.

மதுரை பிரதர்
எனக்குத் தலை சுத்தலை அக்கா. ஆனா இனிமே மெதுவாவே விட்டுப் பார்க்கிறேன்.

அட்டைப்பெட்டி
எங்க ஹாஸ்டல்ல போன் கிடையாது, அதனால ஆன்கி பத்தித் தெரியாது. செருப்புப் பெட்டியில அஞ்சு தடுப்பு வெச்சேன். முதல் தடுப்பு தினமும், ரெண்டாவது ஒருநாள் விட்டு, அப்படியே தள்ளிப்போகும். தப்பான கார்டு எங்கே இருந்தாலும் முதல் தடுப்புக்குத் திரும்பும். கையில எடுக்கும்போதே எது கனமா இருக்குன்னு தெரியும், முதல் தடுப்பு பிதுங்கினா அன்னைக்குப் புதுசா ஒண்ணும் எழுத மாட்டேன். பரீட்சை காலையில பெட்டியைத் தொடவும் மாட்டேன். ஒரு கார்டு வரலைன்னா மீதி எல்லாமே போன மாதிரி ஆகிடும் எனக்கு.

வார்டு அக்கா
பெட்டிக்காரங்க சொன்ன அதே விதிதான் ஆன்கிக்கும். `New cards/day`-ஐ இன்னைக்கே 0 ஆக்கு. 600-ஐ ஒரே ராத்திரியில முடிக்காதே. பாதிக்கு மேல யோசிக்காமலே `Good` அமுக்குவ, அப்படி அமுக்கினதுல நிறைய பரீட்சைக்கு அப்புறம்தான் திரும்ப வரும். ஒரு நாளைக்கு 100, அதுவும் காலையும் சாயந்திரமும் பிரிச்சு. ஏற்கெனவே அப்படித் தள்ளிப்போனதைப் பார்க்கணும்னா Browse-ல இதைத் தேடு:

```
prop:due>12
```

அந்தப் பட்டியல்ல நீண்ட கேள்விக்கு வர்ற தலைப்புகளை மட்டும் எடுத்து ஒரு தடவை தாள்ல வரைஞ்சு பாரு. எட்டுத் தடவை தவறினதுக்கு ஆன்கி leech குறி போட்டிருக்கும். அது உன் மூளையோட குறை இல்லை, பெரும்பாலும் ஒரு கார்டுல மூணு விஷயத்தைத் திணிச்சிருப்ப. உடைச்சு எழுது.

பரீட்சை காலையில பார்க்கலாமா கூடாதாங்கிறதுல நான் பெட்டிக்காரங்களோட ஒத்துப்போக மாட்டேன். நல்லா வர்ற படம் ஒண்ணை வரைஞ்சுட்டுப் போற பொண்ணுங்க நிதானமா எழுதுறதைப் பார்த்திருக்கேன்.

அட்டைப்பெட்டி
அது உங்க பொண்ணுங்களுக்கு. எனக்கு ஆகாது.

தேனிப்பொண்ணு
சாயந்திரம் காலி கிளாஸ்ரூம்ல உட்கார்ந்து, ஃப்ரெண்டை இன்விஜிலேட்டர் மாதிரி நடக்கச் சொல்லி, கடிகாரம் வெச்சு எழுதினேன். படபடப்பு வந்துச்சு, ஆனா பிரிஃபார்மிஸ் வரைஞ்சதும் மேலே கீழே ரெண்டும் வந்துடுச்சு. வென்ட்ரோகுளூட்டியல்ல மட்டும் இடது கையா வலது கையான்னு இன்னும் மாறுது. வைவால எலும்பைக் கையில கொடுத்துக் கேட்பாங்களாம், ஹிப் போன்ல எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க என்ன பண்ணீங்க?

வார்டு அக்கா
அசிட்டபுலம் வெளியே பார்க்கணும், இஸ்கியல் டியூபராசிட்டி கீழே, பியூபிஸ் முன்னாடி. இது மூணும் ஒண்ணா உட்காருற பக்கம்தான் விடை. கார்டு போடாதே, மியூசியம்ல மேம் கிட்ட கேட்டு எலும்பையே எடுத்து உன் இடுப்புல வெச்சுப் பாரு.