பதின்மூன்று அடியையும் அப்படியே ஒட்டிய அனுபவம்: மேற்கோளைச் சொந்த வாக்கியத்துக்குள் கொண்டுவந்தது எப்படி?

பூவரசி

சங்கப் பாடல்களில் ஊழ் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் இயலில் புறநானூறு 192-ஐ, ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ பாட்டின் பதின்மூன்று அடியையும், அப்படியே ஒட்டியிருந்தேன். கீழே ‘இப்பாடல் ஊழைச் சிறப்பாக விளக்குகிறது’ என்று ஒரே வரி. நெறியாளர் பென்சிலால் ஓரத்தில் எழுதினார்: “இதில் உனக்கு வேண்டிய சொல் எது?” அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது புணை மட்டும்தான். ஆற்று நீர் இழுத்த இழுப்புக்குப் போகிற தெப்பம்.

சரி, சுருக்கிவிடலாம் என்று இப்படி எழுதினேன்:

> கணியன் பூங்குன்றனார் ‘நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்’ வாழ்க்கையைக் காட்டுகிறார்.

படிக்க நன்றாகத்தான் இருந்தது. நெறியாளர் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டார். பாட்டில் இரண்டு ‘படூஉம்’ வருகிறது. முதலாவது புணையோடு சேர்கிற பெயரெச்சம். இரண்டாவது ‘உயிர் முறைவழியே செல்லும்’ என்று முடிகிற முற்று. நான் அதன் பின்னால் ‘வாழ்க்கை’யைக் கொண்டுபோய் வைத்ததும் அந்த முற்றும் பெயரெச்சமாகிவிட்டது. செல்வது உயிர் என்கிறார் புலவர். என் வாக்கியத்தில் வாழ்க்கை செல்கிறது. மேற்கோளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் பொருள் மாறிவிட்டது.

மூன்றாம் முறை எழுதியது:

> வாழ்க்கையைத் துடுப்புப் போடுகிறவனின் பயணமாகப் பூங்குன்றனார் பார்க்கவில்லை. ‘கல்பொருது இரங்கும்’ பேராற்றில் அகப்பட்ட ‘நீர்வழிப் படூஉம் புணை’யாகவே பார்க்கிறார்.

இதில் பாட்டின் சொல் ஐந்துதான். ஆனால் ஏன் அந்த ஐந்து என்பதை என் வாக்கியம் சொல்லிவிடுகிறது. மேற்கோள் குறி ‘புணை’யோடு முடிகிறது. ‘யாக’ என்னுடையது, அதனால் குறிக்கு வெளியே. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

ஆய்வு மாணவன்

அக்கா, இதைத்தான் எங்கள் துறையிலும் சொல்கிறார்கள். நீளமாக ஒட்டினால் கருத்துத் திருட்டைத் தேடுகிற மென்பொருளில் ஒப்புமைச் சதவீதம் ஏறிவிடும், 10-க்கு மேல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துண்டு துண்டாகப் போட்டால் மென்பொருள் பிடிக்காது, இல்லையா?

பூவரசி

தம்பி, நான் கேட்டது அது இல்லை. 2018-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதியில் 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது என்பது சரி. ஆனால் இன்னார் சொன்னது என்று குறிப்பிட்டுத் தருகிற மேற்கோளை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. நான் சுருக்கியது மென்பொருளுக்குப் பயந்து அல்ல.

கரிசல் வாத்தியார்

முப்பது வருஷம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன் அம்மா. சுருக்குவதில் எங்கே வெட்டுகிறோம் என்பதுதான் ஆபத்து. ஒரு பையன் கட்டுரையில் எழுதினான்: தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவர் பொய் சொன்னார், வள்ளுவரே ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்றிருப்பதால் அது தவறில்லை. குறள் 292. அவன் விட்டுவிட்டது ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்ற மீதியை. அந்தக் கடைசி ‘எனின்’தான் பூட்டு. அதைக் கழற்றினால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

நம் மொழியில் நிபந்தனையும் மறுப்பும் பெரும்பாலும் வால்பக்கம்தான் வரும். நீங்கள் எடுத்த பாட்டிலேயே கடைசி அடி ‘சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’. ‘இலமே’யை விட்டுவிட்டு ‘சிறியோரை இகழ்தல்’ பற்றிப் புலவர் பேசுகிறார் என்று எழுதிப் பாருங்கள், தலைகீழாகிவிடும். அதனால் வெட்டுகிற இடத்துக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று வாய்விட்டு ஒருமுறை படித்துவிடச் சொல்வேன்.

அந்தப் பையனோடு உட்கார்ந்து திருத்தியது இப்படி: ‘பொய்க்கு வள்ளுவர் இடம் தருவது உண்மைதான், ஆனால் அந்த இடம் “புரைதீர்ந்த நன்மை” விளைகிற இடத்தோடு முடிந்துவிடுகிறது.’ எழுதி முடித்ததும், இனி அந்த ஆளை நியாயப்படுத்த முடியாது சார் என்று அவனே சொன்னான். கட்டுரையின் முடிவையே மாற்றி எழுதிக் கொடுத்தான்.

தட்டச்சுத் தாமரை

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? 40 சொல்லுக்குக் குறைந்தால் வாக்கியத்துக்குள், கூடினால் தனிப் பத்தியாக உள்தள்ளி. இதுதான் விதி. நான் தட்டச்சு செய்து தருகிற எல்லா ஆய்வேட்டிலும் இப்படித்தான் செய்கிறேன்.

கரிசல் வாத்தியார்

அது ஏபிஏ என்கிற மேற்கோள் முறையில் உரைநடைக்கு வைத்த அளவு அம்மா. எம்எல்ஏ என்கிற இன்னொரு மேற்கோள் முறையில் செய்யுளுக்குக் கணக்கே வேறு, மூன்று அடிக்கு மேல் போனால்தான் தனியாக. ஒரு குறளுக்கு ஏழு சீர். 40 சொல் என்று எண்ணினால் ஐந்து குறளை ஒரே வாக்கியத்துக்குள் அடைத்துவிடலாம், விதிப்படி அதுவும் சரி என்றாகிவிடும். எங்கே உள்தள்ளுவது என்பதைத்தான் அந்த அளவு சொல்கிறது. எத்தனை சொல் தேவை என்பது அதற்குத் தெரியாது.

தறிவீட்டுப் பெண்

எனக்குச் செய்யுள் பழக்கமில்லை. நெசவாளர்களைப் பேட்டி எடுத்து எழுதுகிறேன். முன்பெல்லாம் அவர்கள் பேசியதை அரைப் பக்கம் அப்படியே போடுவேன். பேச்சுநடையைத் திருத்தக் கூடாது என்ற பிடிவாதம். அந்த இடம் வந்ததும் படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார். இப்போது ஒரு பெரியவர் சொன்னதை இப்படி எழுதியிருக்கிறேன்: ‘நூல் விலை கூடிய வருஷங்களைப் பற்றிக் கேட்டால், கூலி “ஏறவே இல்ல”, ஏறியதெல்லாம் “பாவு நீளந்தான்” என்கிறார்.’ அவர் குரல் கேட்கிறது, என் கதையும் நிற்கவில்லை. ஆனால் அவர் நடுவில் விட்ட பெருமூச்சு, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது எல்லாம் போய்விட்டது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால் கட்டுரைக்கு ஓர் இடத்தில் மட்டும் நாலு வரி முழுசாக விட்டுவைக்கிறேன்.

கரிசல் வாத்தியார்

சரியாகத்தான் செய்கிறீர்கள். பூவரசியும் பதின்மூன்று அடியை ஓரிடத்தில் முழுதாகத் தரலாம். சாதல், வாழ்தல், ஆறு, புணை என்று பாட்டு நகர்கிற வரிசையையே ஆராய்கிற பக்கத்தில் முழுப்பாட்டு கண்ணெதிரே இருந்தாக வேண்டும். பிறகு வருகிற இடங்களுக்கு இரண்டு சொல், மூன்று சொல் போதும்.

ஆனால் உங்கள் மூன்றாம் வாக்கியத்தில் ஒரு குறை இருக்கிறது அம்மா. பாட்டில் இருப்பது ‘புணைபோல்’. நீங்கள் ‘போல்’ என்பதை வெட்டி ‘ஆக’ சேர்த்துவிட்டீர்கள். அவர் சொன்னது உவமை. நீங்கள் ஆக்கியது உருவகம்.

பூவரசி

ஐயா, அதை யோசிக்கவே இல்லை. ‘புணைபோல்’ என்று உள்ளேயே வைத்தால் என் வாக்கியம் ‘“நீர்வழிப் படூஉம் புணைபோல்” என்று பார்க்கிறார்’ என்று முடிகிறது, காதுக்கு ஒட்டவில்லை. ‘“நீர்வழிப் படூஉம் புணை”க்கு உயிரை ஒப்பிடுகிறார்’ என்றால்? ஒப்பீடும் நிற்கிறது, செல்வதும் உயிராகவே இருக்கிறது.

ஆய்வு மாணவன்

நான் ‘படூஉம்’ என்பதை ‘படும்’ என்று மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அளபெடை உரைநடைக்கு நடுவில் அச்சுப்பிழை மாதிரித் தெரிகிறதே.

கரிசல் வாத்தியார்

குறிக்குள் இருக்கும்வரை கை வைக்காதே தம்பி. ‘வாய்மை யிடத்த’ என்பதை ‘வாய்மை இடத்த’ என்று பிரிக்கலாம் என்பவர்கள் உண்டு, எனக்கு அதுவே மனசில்லை. பூவரசி, ‘ஒப்பிடுகிறார்’ என்பது பொருளில் சரி. ஆனால் பழைய வாக்கியத்தில் இருந்த இழுப்பு இதில் இல்லையே. இரண்டையும் நெறியாளரிடம் காட்டுங்கள்.

பூவரசி

திங்கட்கிழமை பார்க்கிறேன் ஐயா. என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுகிறேன்.