குறி விழாத 0.9: கர்ப்பிணிகளின் லேப் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்த்தவை

லேப்மேசை
34 வாரம், முதல் பிரசவம், 27 வயசு. ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 10.7, பக்கத்தில் தடித்த எழுத்தில் L. கொஞ்சம் கீழே கிரியாட்டினின் 0.9, பக்கத்தில் ஒன்றுமில்லை. சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் eGFR 90 என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தது. கூட வந்த மாமியார் "ரத்தம் கம்மியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அந்தத் தாளில் பயப்பட வேண்டிய எண், குறி விழாத அந்த 0.9தான்.

இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தம் கர்ப்பத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அதில் ஒரு நல்ல பங்கு சிறுநீரகத்துக்குப் போகிறது. வடிகட்டும் வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினின் மட்டும் பழைய அளவில்தான் வருகிறது, அதனால் ரத்தத்தில் 0.4, 0.5 என்று இறங்கி நிற்கும். இவருடைய 14-வது வார ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தால் 0.5. அங்கிருந்து 0.9 என்றால் வடிகட்டல் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிட்டது. eGFR சூத்திரம் கர்ப்பிணிகளுக்காகப் போடப்பட்டதே இல்லை, அந்த 90-ஐ நம்பவே கூடாது.

பிரஷர் 138/88. 140-ஐத் தாண்டவில்லை என்று விட்டிருப்பார்கள், ஆனால் 14-வது வாரத்தில் அது 104/62. அதே சாம்பிளை மறுபடி ஓட்டினோம், 0.9தான். டாக்டருக்குப் போன் போட்டுப் பழைய எண்ணையும் சேர்த்துச் சொன்னோம். சிறுநீரில் புரதம்–கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொன்னார். 0.3-க்கு மேல் இருந்தாலே அதிகம், இவருக்கு 0.6. சாயங்காலம் பிரஷர் 150/96. அட்மிட் செய்துவிட்டார்கள்.

மருதாணி
எனக்கு 26 வாரம். கிரியாட்டினின் 0.4, L போட்டிருக்கு. அப்போ என் கிட்னி வீக்கா? தண்ணி நிறைய குடின்னு சொல்றாங்க. படி ஏறினா மூச்சும் வாங்குது.

லேப்மேசை
இல்லம்மா, நேர்மாறு. 0.4 என்றால் உங்கள் சிறுநீரகம் நன்றாக வடிகட்டுகிறது. கர்ப்பமில்லாத பெண்களுக்கான அளவை வைத்துத்தான் மெஷின் L போட்டிருக்கு.

திருச்சி கணேசன்
முதல் பதிவில் அந்த 10.7-ஐயும் சொல்லியிருக்கணும். அதுவும் இயற்கைதான். பிளாஸ்மா பாதிக்குப் பாதி கூடுது, சிவப்பணு அவ்வளவு கூடுறதில்லை, ரத்தம் நீர்த்துப்போகுது. இதுக்குப் போய் இரும்பு மாத்திரையைக் கொடுத்து வயித்தைக் கெடுக்கிறாங்க.

இரவுப்பணி டாக்டர்
கணேசன் சார், பாதிதான் சரி. ரத்தம் நீர்த்துப்போவது உண்மை. அதைக் கணக்கில் எடுத்துத்தான் சாதாரணப் பெண்களுக்கு 12 என்றிருக்கும் எல்லையை கர்ப்பிணிகளுக்கு 11 என்று வைத்திருக்கிறார்கள், நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5. இவருக்கு 34 வாரம், 10.7 குறைவுதான். அதைவிட, சிவப்பணுவின் சராசரி அளவான MCV-யைப் பாருங்கள். நீர் கலந்தால் அணுக்களின் எண்ணிக்கை அடர்த்தி குறையும், ஆனால் ஒவ்வோர் அணுவின் அளவு சுருங்காது. MCV 80-க்குக் கீழே போயிருந்தால் அது நீர்த்துப்போனதால் வந்ததல்ல. இரும்புக் குறைவு, இல்லாவிட்டால் தலசீமியா மரபு. மாத்திரையை நிறுத்தச் சொல்லி இங்கே எழுதாதீர்கள், யாராவது படித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

என்னை விட்டுப் போகாத எண் வேறு. 30 வாரம், ஆஸ்துமா, நள்ளிரவு. நிமிடத்துக்கு 34 தடவை மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர் 22-க்கு வந்ததும் "செட்டில் ஆயிட்டாங்க" என்றார்கள். ரத்த வாயு ரிப்போர்ட்டில் கார்பன் டை ஆக்சைடு 40. எந்தக் குறியும் இல்லை, பாடப்புத்தக நார்மல். கர்ப்பிணிக்கு அது நார்மலே இல்லை. புரோஜெஸ்டரோன் மூச்சை ஆழமாக்கிவிடுவதால் அவர்களுக்கு 28 முதல் 32-க்குள்தான் இருக்கும். ஆஸ்துமாவில் மூச்சிரைக்கும்போது இன்னும் கீழே போயிருக்க வேண்டும். 40 என்றால் நெஞ்சுத் தசை களைத்துப்போய்விட்டது. அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டும் 18 முதல் 22 வரைதான் இருக்கும், சிறுநீரகம் முன்பே கழித்துவிட்டிருக்கும். அதனால் அமிலம் ஏறினால் தாங்க இருப்பும் குறைவு. அந்த 40-ஐப் பார்த்ததும் வென்டிலேட்டர் தயார் செய்தோம்.

மருதாணி, படி ஏறும்போது மட்டும் வாங்கி, உட்கார்ந்ததும் அடங்கினால் பெரும்பாலும் இயல்பு. மல்லாந்து படுக்க முடியாமல் போனால், இரவில் மூச்சு முட்டி எழுந்தால், இருமலோடு வந்தால் உடனே காட்டுங்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது, ரத்த ஓட்டமும் நாடித்துடிப்பும் கூடும் இந்த மாதங்களில்தான் முதன்முதலாக வெளியே தெரியவரும். எக்கோ எடுத்தால் தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற பயோகெமிஸ்ட்
கேஸ் சொல்ல வரவில்லை. ஏன் லேப் தன் அளவை மாற்றிக்கொள்வதில்லை என்று யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன்.

நார்மல் எல்லை என்பது ஆரோக்கியமானவர்கள் பலரிடம் எடுத்துப் பார்த்து, இரண்டு ஓரத்திலும் இரண்டரை சதவீதத்தை வெட்டிவிட்டு, நடுவில் மிஞ்சுவது. ஒரு குழுவுக்குக் குறைந்தது 120 பேர் வேண்டும் என்பது பொது விதி. கர்ப்பிணிக்கு மும்மாதம்தோறும் தனி எல்லை வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 120 ஆரோக்கியமான கர்ப்பிணிகள். எத்தனை லேப்பால் முடியும்? மெஷினோடு வந்த தாளில் உள்ளதைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அதற்குத் தெரிந்தது வயதும் பாலினமும் மட்டும். ரெக்விசிஷன் சீட்டில் "34 வாரம்" என்று யாராவது எழுதினால்தான் மேசையில் இருப்பவருக்கே தெரியும். தயவுசெய்து வாரத்தை எழுதுங்கள்.

இன்னொன்று. எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். நிறத்தை வைத்து அளக்கும் ஜாஃபே முறை கிரியாட்டினினை மட்டும் பிடிப்பதில்லை. கீட்டோன், குளுக்கோஸ், புரதம் எல்லாமே அதில் கொஞ்சம் நிறம் கொடுக்கும். மசக்கையில் வாந்தியெடுத்து இரண்டு நாள் சாப்பிடாமல் வந்தவருக்குக் கீட்டோன் ஏறியிருக்கும், கிரியாட்டினின் பொய்யாகவே கூடித் தெரியலாம். 0.1 வித்தியாசம் 1.0-இல் பத்தில் ஒரு பங்கு, 0.5-இல் ஐந்தில் ஒரு பங்கு. என்சைம் முறை இதைவிட மேல். ஒப்பிடும்போது இரண்டு சாம்பிளும் ஒரே லேப்பா, ஒரே முறையா என்று பார்க்காமல் 0.5-லிருந்து 0.9 என்று முடிவுகட்டக் கூடாது.

லேப்மேசை
ஐயா, இரண்டும் எங்கள் லேப், இரண்டும் என்சைம் முறைதான்.

ஈஸ்ட்ஹாம் மிட்வைஃப்
இங்கே லண்டனில் கிரியாட்டினின் மைக்ரோமோலில்தான் வரும். 77-ஐத் தாண்டினால் விசாரிப்போம், உங்கள் கணக்கில் 0.87. கனடாவின் ஒன்டாரியோவில் பெரிய அளவில் பார்த்து 2019-இல் வெளியிட்டதில், கருத்தரிக்கும் முன் சராசரி 60, 16 முதல் 20 வாரத்துக்குள் 47, அப்புறம் மெல்ல ஏறுகிறது. ஆகவே கடைசி மாதங்களில் 0.1 ஏறினாலே கலவரப்பட வேண்டாம்.

இரவுப்பணி டாக்டர்
அமெரிக்க வழிகாட்டுதலில் 1.1-ஐத் தாண்டினால் அல்லது இரட்டிப்பானால்தான், கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் பிரீஎக்லாம்ப்சியாவின் தீவிர அடையாளம் என்கிறார்கள். முதல் பதிவின் 0.9 அதற்குள் வராது. நான் என்றால் 0.9-க்கே மறுநாள் திரும்ப எடுப்பேன். இதில் ஒரே எண்ணுக்கு எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை.

மருதாணி
எனக்கு முதல் மூணு மாசத்துல கிரியாட்டினின் எடுக்கவே இல்லையே. பழைய நம்பர் இல்லாதவங்க எதோட ஒப்பிடுறது?

லேப்மேசை
கல்யாணத்துக்கு முன்னாடி வேறு எதற்காவது ரத்தம் எடுத்த ரிப்போர்ட் இருந்தால் தேடுங்கள். இல்லையென்றால் இந்த 0.4-தான் இனி உங்கள் பழைய நம்பர். தாளைப் பத்திரமாக வைத்து, அடுத்த செக்கப்புக்கு எடுத்துப் போங்கள்.