பாப்பாவின் பின்மண்டை: குடும்பக் குழுவில் ஒரு மாலை

ரேவதி: [படம்] எல்லோரும் கொஞ்சம் பாருங்கள். பாப்பாவுக்குப் பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. மூன்று மாதம் முடியப் போகிறது. மண்டை எலும்பு சீக்கிரமே ஒட்டிக்கொண்டாலும் இப்படி ஆகுமாம். படித்ததிலிருந்து தூக்கமே இல்லை.

கமலா அத்தை: கடுகு தலையணை தைத்துப் போடு. எண்ணெய் தேய்க்கும்போது தலையை உருட்டிப் பிடித்துவிட வேண்டும். கார்த்திக்கு அப்படித்தான் செய்தோம்.

பிரபு: ஒரே பக்கமாகப் படுப்பதால் வருவது இது. உட்கார ஆரம்பித்ததும் தானாகச் சரியாகிவிடும். டாக்டரெல்லாம் வேண்டாம்.

மீனா அக்கா: பிரபு, முதல் வரி சரியாக இருக்கலாம், கடைசி வரி வேண்டாம். ரேவதி, இது செல்ஃபி கேமராவா? அதில் வலது இடதாக மாறிப் பதிவாகலாம். சாய்வாக வேறு எடுத்திருக்கிறாய், அதனால் காது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. குளித்ததும் முடி ஈரமாக ஒட்டியிருக்கும்போது கார்த்தி மடியில் நேராகப் பிடிக்கட்டும். நீ பின்பக்கக் கேமராவில் உச்சிக்கு நேர் மேலிருந்து எடு. மூக்கு நுனியும் இரண்டு காதும் ஒரே படத்தில் வர வேண்டும்.

சேகர் சித்தப்பா: உச்சிக்குழி மூடிவிட்டதா பாரம்மா. என் பேத்திக்குப் பத்து மாதத்திலேயே மூடிவிட்டது, நாங்களும் பயந்தோம்.

மீனா அக்கா: அது வேறு சித்தப்பா. தலைச் சுற்றளவு ஒழுங்காக வளர்ந்தால் பத்து மாதத்தில் மூடுவதில் தவறில்லை. உச்சிக்குழி திறந்தே இருந்தாலும் மண்டை எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வேறு ஏதாவது ஓர் இணைப்பு ஒட்டியிருக்கலாம். அதனால் அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

ரேவதி: [படம்] [படம்] இப்போது சரியா?

மீனா அக்கா: இது நல்ல படம். தட்டை வலது பக்கம். வலது காதைப் பார், இடது காதைவிட மூக்குப் பக்கமாக நகர்ந்திருக்கிறது. வலது நெற்றியும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. அந்தப் பக்கம் முழுவதையும் பின்னாலிருந்து யாரோ தள்ளிய மாதிரி. படுக்கை அழுத்தத்தால் வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பின்பக்க இணைப்பு ஒட்டிவிட்டால் பெரும்பாலும் அந்தப் பக்கக் காது பின்னாலும் கீழேயும் இழுபடும், காதுக்குப் பின்னால் எலும்பு புடைக்கும். அது மிக அரிது. பிறந்தபோது தலை எப்படி இருந்தது?

ரேவதி: முதல் வாரப் படங்களில் உருண்டையாகத்தான் இருக்கிறது. இரண்டாவது மாதத்தில்தான் கவனித்தேன். எப்போதும் வலது பக்கமே பார்க்கிறாள். இடது பக்கம் திருப்பினால் அழுகிறாள்.

மீனா அக்கா: பிறகு வந்தது என்பதும் அழுத்தத்தின் பக்கம்தான் சாய்கிறது. ஒட்டிய இணைப்பு என்றால் பெரும்பாலும் பிறக்கும்போதே வடிவம் மாறியிருக்கும், போகப்போக அதிகமாகும். ஆனால் கழுத்தைப் பார்க்க வேண்டும். வலது பக்கமே திரும்புகிறாள் என்றால் இடது கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். அதைத் தளர்த்தாமல் தலையை மட்டும் மாற்றி வைத்தால் மறுபடியும் அங்கேதான் போவாள். தசையை எப்படி நீட்டுவது என்று நேரில் கற்றுக்கொள், நீயாக இழுக்காதே.

பிரபு: அப்படியானால் நான் சொன்னது சரிதானே!

மீனா அக்கா: காரணம் சரியாக இருக்கலாம், காத்திருப்பதுதான் தவறு. படத்தில் தெரியாத மேட்டை டாக்டரின் விரல் கண்டுபிடிக்கும். ஒருவேளை இணைப்பு ஒட்டியிருந்தால், சின்னத் துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு முதல் சில மாதங்கள்தான் ஏற்றவை. உட்காரும் வரை பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். சந்தேகம் இல்லாவிட்டால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்ல மாட்டார்கள், வீணாகக் கதிர்வீச்சு.

கமலா அத்தை: தலையணை என்ன பாவம் செய்தது?

மீனா அக்கா: தூங்கும்போது முகம் புதைந்தால் பாப்பாவால் திருப்ப முடியாது அத்தை. தட்டை போகட்டும் என்று குப்புறப் போட்டும் தூங்கவைக்கக் கூடாது. தூக்கம் மல்லாந்துதான். விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருந்து, குப்புறப் படுக்கவைக்கலாம். விளையாட்டு காட்டுவதும் கூப்பிடுவதும் இடது பக்கத்திலிருந்து. தூளியில் தலை ஒரே இடத்தில் அழுந்தும், அந்த நேரத்தையும் குறையுங்கள். மண்டையை அழுத்தி உருட்ட வேண்டாம்.

கமலா அத்தை: நாங்கள் வளர்த்த பிள்ளைகளெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

கார்த்தி: ஹெல்மெட் போடச் சொல்கிறார்களே அக்கா, அது தேவையா?

மீனா அக்கா: இப்போது அந்தப் பேச்சே வேண்டாம். 2014இல் நெதர்லாந்தில் 84 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இரண்டு வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மிக மோசமான தட்டை உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை, அதனால் டாக்டர்கள் இன்னும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ரேவதி: காதுக்குப் பின்னால் ஏதோ கெட்டியாக விரலில் தட்டுகிறதே அக்கா?

மீனா அக்கா: இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா?

ரேவதி: வலது பக்கம் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றுகிறது. தடவித் தடவி எனக்கே குழப்பமாகிவிட்டது.

மீனா அக்கா: இனிமேல் தடவாதே, அதை டாக்டர் சொல்லட்டும். தடுப்பூசி அட்டையில் தலைச் சுற்றளவு எழுதியிருந்தால் அதையும், முதல் மாதப் படங்களைத் தேதியோடும் எடுத்துப் போ.

கார்த்தி: வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நேரம் வாங்கிவிட்டேன். ரேவதி, அட்டை பச்சை ஃபைலில் இல்லை, நீ எடுத்து வைத்திருக்கிறாயா?